ஈஸ்ட் ரொட்டி மாவு: பிசைவது முதல், உப்பி முடிந்ததைக் கண்டுபிடிப்பது வரை

'மூடி வையுங்கள், ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும்.' ரொட்டி செய்முறைகளில் தவறாமல் வரும் வரி இது. அந்த ஒரு மணி நேரம் எத்தனை டிகிரி சூட்டில் என்பதைத்தான் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நான் ரொட்டி செய்யத் தொடங்கியபோது சமையலறை 33 டிகிரியில் இருந்தது. செய்முறையில் சொன்னபடி ஒரு மணி நேரம் வைத்தேன். மூடியைத் திறந்தபோது மாவு உப்பி முடித்து, நடுவில் குழிந்து, சாராய வாடை அடித்துக்கொண்டிருந்தது. பிறகு குளிர்காலத்தில் அதே அளவு, அதே ஒரு மணி நேரம். இந்த முறை மாவு கல் மாதிரி அப்படியே கிடந்தது. இரண்டு முறையும் ஈஸ்டின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாவின் சூட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாவு எவ்வளவு வேகமாக உப்பும் என்பதை முடிவு செய்வது மாவுக்குள் இருக்கும் வெப்பம். தோராயமாக 8 முதல் 10 டிகிரி குறைந்தால் ஈஸ்டின் வேகம் பாதியாகும், அதே அளவு கூடினால் இரு மடங்காகும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, அதைச் சூடான சமையலறையிலும் குளிர்ந்த சமையலறையிலும் எப்படிச் செய்வது என்று பார்க்கப் போகிறோம். குழப்பம் வராமல் இருக்க, காய்ந்த மாவை 'மைதா' என்றும், தண்ணீர் சேர்த்துப் பிசைந்ததை 'மாவு' என்றும் எழுதுகிறேன். டிகிரி எல்லாம் செல்சியஸ்.

அளவுகள்

மைதா 500 கிராம், தண்ணீர் 310 கிராம், உப்பு 9 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 முதல் 5 கிராம் வரை. சமையலறை 30 டிகிரிக்கு மேல் இருந்தால் 3 கிராம் ஈஸ்ட் போதும், 20 டிகிரிக்குக் கீழே என்றால் 5 கிராம், நடுவில் என்றால் 4. ஏறக்குறைய 23 செ.மீ நீளமும் 13 செ.மீ அகலமும் உள்ள ரொட்டி டின் ஒன்றுக்கு இந்த அளவு சரியாக இருக்கும்.

தண்ணீரையும் எடை போட்டே எடுங்கள். கப் அளவில் மைதாவை அள்ளினால், அமுக்கி அள்ளுகிறோமா தளர்வாக அள்ளுகிறோமா என்பதைப் பொறுத்து எடை நிறைய மாறிவிடும். அப்புறம் மாவு ஒட்டுவது தண்ணீர் கூடியதாலா, பிசைந்தது போதாததாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. மைதா வாங்கும்போது பாக்கெட்டில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. அந்தப் புரதம்தான் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற இழுவையான வலையாக மாறி, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்கிறது. புரதம் குறைவான மைதாவும் ரொட்டியாகும். ஆனால் தண்ணீரை 10, 15 கிராம் குறைக்க வேண்டியிருக்கும், உயரமும் சற்றுக் குறையும்.

இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேராக மைதாவில் கலக்கலாம். கையில் இருப்பது சற்றுப் பெரிய மணிகளாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் என்றால், மொத்தத் தண்ணீரிலிருந்து கால் கப் எடுத்து 40 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக்கி, அதில் ஈஸ்டைத் தூவி 10 நிமிடம் வையுங்கள். மேலே நுரை கட்டினால் உயிரோடு இருக்கிறது. நுரையே இல்லையென்றால் அத்தோடு நிறுத்திவிடலாம், 500 கிராம் மைதாவாவது மிச்சம். திறந்து வெகுநாளான இன்ஸ்டன்ட் ஈஸ்டையும், ஒரு சிட்டிகை சர்க்கரையோடு, இப்படியே சோதித்துக்கொள்ளலாம்.

தண்ணீரின் சூடு

வீட்டில் ரொட்டி செய்கிற பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரி அளவில் இருந்தால் அதன் நடத்தையைக் கணிப்பது எளிது. மைதாவின் சூட்டையோ அறையின் சூட்டையோ நம்மால் உடனே மாற்ற முடியாது. தண்ணீரின் சூட்டை மாற்றலாம்.

ரொட்டிக்காரர்கள் போடும் கணக்கு எளிதானது. வேண்டிய சூடான 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதிலிருந்து அறையின் சூடு, மைதாவின் சூடு, பிசையும்போது உராய்வால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் வருவது தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. கையால் பிசைவதற்கு 2 டிகிரி கழித்தால் போதும். மிக்ஸர் இயந்திரம் இதைவிட நிறையவே சூடேற்றும், அதற்கு உங்கள் இயந்திரத்தை ஒருமுறை அளந்துதான் பார்க்க வேண்டும்.

அறை 33 டிகிரி, அலமாரியில் இருந்த மைதாவும் 33 என்றால், 78-இலிருந்து 33, 33, 2 போக மிச்சம் 10. அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீரில் கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் கலந்த குளிர்ச்சி. அறையும் மைதாவும் 18 டிகிரி என்றால் மிச்சம் 40, தொட்டால் இதமான வெதுவெதுப்பு. ஒரே ரொட்டிக்கு இரண்டு தண்ணீருக்கும் நடுவே 30 டிகிரி வித்தியாசம்! 'வெதுவெதுப்பான நீர் சேர்க்கவும்' என்ற வழக்கமான குறிப்பு வெயில் காலத்தில் ஏன் மாவைக் கெடுக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். கணக்கு 50-க்கு மேல் காட்டினால் அதைப் பின்பற்ற வேண்டாம், அந்தச் சூடு ஈஸ்டைக் கொல்லத் தொடங்கும். 42, 43 டிகிரியோடு நிறுத்திக்கொண்டு கூடுதல் நேரம் கொடுங்கள். அதேபோல் காய்ந்த ஈஸ்ட் மணிகள் முதலில் நனைவதே மிகக் குளிர்ந்த நீரில் என்றால் அவற்றின் வலு குறையும். அதனால் குளிர்ந்த நீர் சேர்க்கும் நாளில் மட்டும், மொத்தத் தண்ணீரிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி தனியே எடுத்து வெதுவெதுப்பாக்கி, ஈஸ்டை அதில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுச் சேர்ப்பது நல்லது.

கலந்து, விட்டுவிடுவது

அகலமான பாத்திரத்தில் மைதா, உப்பு, ஈஸ்ட் மூன்றையும் கலந்து தண்ணீரை ஊற்றி, காய்ந்த மைதா எங்கும் தெரியாமல் போகும் வரை கிளறுங்கள். உப்பு பட்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இந்த அளவு உப்பு ஈஸ்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அது நமக்கு நல்லதுதான். ஈரமான ஈஸ்டின் தலையில் நேராக உப்பைக் கொட்டி வெகுநேரம் வைத்துவிடாமல் இருந்தால் போதும்.

இந்த நிலையில் மாவு கரடுமுரடாக, கையெல்லாம் ஒட்டிக்கொண்டு, பார்க்கவே நம்பிக்கை தராத மாதிரி இருக்கும். மூடி 15 நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் தண்ணீர் மைதாவுக்குள் முழுதாக இறங்கி, குளூட்டன் தானாகவே உருவாகத் தொடங்கிவிடும். திரும்ப எடுக்கும்போது ஒட்டல் பாதியாகக் குறைந்திருக்கும். வெயில் நாளில் இந்த 15 நிமிடமும் பாத்திரம் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், இல்லையென்றால் கணக்குப் போட்டுச் சேர்த்த குளிர்ச்சி போய்விடும்.

பிசைவது

மேடையில் மைதா தூவாமல் மாவைக் கொட்டுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மாவை முன்னே தள்ளி நீட்டுங்கள், விரலால் மடித்து உங்கள் பக்கம் இழுங்கள், கால்வட்டம் திருப்புங்கள். மறுபடி தள்ளல், மடிப்பு, திருப்பல். பலத்தைவிடச் சீரான அசைவுதான் முக்கியம். அமுக்கி நசுக்கினால் மாவு கிழியும், நீட்டி மடித்தால்தான் குளூட்டன் இழைகள் வரிசையாகும்.

முதல் மூன்று நிமிடம் ஒட்டும், இழுத்தால் உடனே கிழியும். 'இன்னும் ஒரு கை மைதா போட்டால் சரியாகிவிடும்' என்று தோன்றுவது இந்த நேரத்தில்தான். தயவுசெய்து போடாதீர்கள். இப்படிச் சேர்த்த மைதாதான், எனக்குத் தெரிந்தவரை, வீட்டு ரொட்டி கட்டியாகப் போவதற்கு முதல் காரணம். ஒட்டினால் கையை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், மேடையில் ஒட்டியதை ஒரு தட்டையான கரண்டியால் வழித்துச் சேருங்கள். ஆறு நிமிடம் வாக்கில் மாவு மேடையை விட்டுத் தானே பிரிந்து வரும், மேல்தோல் வழவழப்பாகும். கை வலித்தால் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுத் தொடரலாம், அதனால் எந்த நட்டமும் இல்லை. மொத்தம் 10 முதல் 12 நிமிடம் ஆகும்.

போதுமா என்று பார்க்க எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெதுவாக நாலாபுறமும் விரியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தால் பிசைந்தது போதும். விரிவதற்கு முன்பே சொரசொரப்பான ஓரத்தோடு கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள். பிசைந்தது கூடிப்போகுமோ என்ற கவலை கைக்குத் தேவையில்லை, இயந்திரத்தில்தான் அந்த ஆபத்து.

இப்போது ஒரு சமையல் வெப்பமானியை மாவின் நடுவில் குத்திப் பாருங்கள். 25 முதல் 27 வரை இருந்தால் சரி. 30-ஐத் தொட்டிருந்தால் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். 22 என்றால் பதற வேண்டாம், நேரம்தான் கூடும்.

உப்பியதை எப்படி அளப்பது

'இரண்டு மடங்கு' என்றால் கொள்ளளவில் இரண்டு மடங்கு. வட்டக் கிண்ணத்தில் இதைக் கண்ணால் சொல்வது கடினம், ஏனென்றால் மேலே போகப் போகக் கிண்ணம் அகலமாகிறது. 26 செ.மீ அகலமுள்ள அரைக்கோளக் கிண்ணத்தில் 6 செ.மீ ஆழம் இருந்த மாவு இரண்டு மடங்கானாலும் 9 செ.மீ அளவுக்குத்தான் ஏறியிருக்கும். உயரம் இரட்டிப்பாகட்டும் என்று காத்திருந்தால் மாவு கடந்து போய்விடும்.

இதற்கு நான் செய்வது இதுதான். நம் மாவு மொத்தம் 820 கிராம், பிசைந்தவுடன் ஏறக்குறைய 700 மில்லி இடத்தை எடுத்துக்கொள்ளும். மாவு வைக்கப்போகும் பாத்திரத்தில் முன்கூட்டியே 1.4 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது நிற்கும் மட்டத்தில் வெளியே ஒரு டேப் ஒட்டிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மாவு அந்த டேப்பைத் தொட்டால் இரண்டு மடங்கு. கண்ணாடிப் பாத்திரம் என்றால் இன்னும் நல்லது, பக்கத்தில் கொப்புளங்கள் பெரிதாவதும் தெரியும். நேர்ச்சுவர் உள்ள டப்பாவாக இருந்தால் ரப்பர் பேண்டே போதும்.

மட்டம் நெருங்கும்போது விரல் சோதனை. விரலில் மைதா தொட்டு மாவில் ஒன்றரை செ.மீ ஆழம் குத்தி எடுங்கள். குழி உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் வேண்டும். குழி ஓரளவு அப்படியே நின்றால் முதல் உப்பல் முடிந்தது. குத்தியதும் சுற்றிலும் புஸ்ஸென்று அமிழ்ந்தால் கடந்துவிட்டது. மேல்பரப்பையும் பாருங்கள். கவிழ்த்த கிண்ணம் போல மேடாக இருக்கும் வரை உப்பிக்கொண்டிருக்கிறது. மேடு தட்டையாகி ஓரத்தில் சுருக்கம் விழத் தொடங்கினால் இனி வைக்கக் கூடாது.

சூடான சமையலறையில்

33 டிகிரி நாளில் நான் குறித்து வைத்த கணக்கு இது. ஈஸ்ட் 3 கிராம், தண்ணீர் 10 டிகிரி, பிசைந்து முடித்தபோது மாவு 27. முதல் அரை மணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அறையின் சூடு மாவுக்குள் இறங்கி, ஐம்பதாவது நிமிடத்தில் மாவு 29 டிகிரி. அதன் பிறகு பார்க்கப் பார்க்க ஏறி 70 நிமிடத்தில் டேப்பைத் தொட்டது. மெதுவாகத் தொடங்கி முடிவில் விரைவது இந்தச் சூட்டின் குணம். அதனால் 40-ஆவது நிமிடத்திலிருந்தே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வேகம் கட்டுக்குள் வராவிட்டால் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் உள்ள அகலத் தட்டில் வையுங்கள். வெளியே போக வேண்டியிருந்தால் ஃபிரிட்ஜ் கைகொடுக்கும். ஆனால் மாவு உள்ளே போனவுடன் நின்றுவிடாது. உருண்டையின் நடுப்பகுதி குளிர மணிக்கணக்கில் ஆகும், அதுவரை உப்பிக்கொண்டேதான் இருக்கும். எனவே பாதி உப்பும் முன்பே, மாவைத் தட்டையாக்கி, மூடியுள்ள பெரிய டப்பாவில் வையுங்கள். மறுநாள் வரை தாங்கும், சுவையும் கூடும்.

குளிர்ந்த சமையலறையில்

18 டிகிரியில் ஈஸ்ட் 5 கிராம், தண்ணீர் 40 டிகிரி, பிசைந்து முடித்தபோது மாவு 25. இங்கே எதிர்மாறாக நடக்கும். முதலில் நன்றாகத் தொடங்கி, மாவு குளிரக் குளிர மந்தமாகும். எனக்கு ஒரு மணி 50 நிமிடம் பிடித்தது. அவசரமில்லை என்றால் இப்படியே விடுவதுதான் என் விருப்பம், மெதுவாக உப்பிய மாவில் மணம் நன்றாக இருக்கும்.

விரைவாக வேண்டுமென்றால், அணைத்து வைத்த ஓவனுக்குள் மாவையும் பக்கத்தில் ஒரு குவளைக் கொதிநீரையும் வைத்து மூடுங்கள். உள்ளே 27, 28 டிகிரி நின்றால் போதும். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். ஓவனை 'சும்மா ஒரு நிமிடம்' சூடாக்குவதும், பாத்திரத்தை ஹீட்டர் மேல் வைப்பதும் ஆபத்து. நடுப்பகுதி குளிர்ந்தே இருக்க, அடிப்பகுதி மட்டும் அளவுக்கு மீறிப் புளித்துக் குழகுழப்பாகிவிடும். எங்கு வைத்தாலும் மாவின் மேல் ஈரத்துணியோ மூடியோ இருக்க வேண்டும். தோல் காய்ந்தால் மாவு உப்ப வழியில்லாமல் போகும்.

உருட்டி டின்னில் வைத்து, இரண்டாம் உப்பல்

மாவை மேடையில் கவிழ்த்து, பெரிய காற்றுக் கொப்புளங்கள் போக உள்ளங்கையால் தட்டி, டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாக்குங்கள். உங்கள் பக்கத்திலிருந்து பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டி, விளிம்பைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே வரும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். மேல்தோல் இழுபட்டு விறைப்பாக இருந்தால்தான் மாவு பக்கவாட்டில் சரியாமல் மேலே ஏறும்.

இப்போது விரல் சோதனையின் அர்த்தம் மாறுகிறது. இதைக் கவனிக்காமல்தான் பலருடைய ரொட்டி ஓவனுக்குள் போனதும் அமிழ்கிறது. முதல் உப்பலில் குழி நிற்க வேண்டும். இரண்டாம் உப்பலில் குழி முழுக்க நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஓவனின் சூட்டில் மாவு இன்னொரு முறை எழும்ப வேண்டும், அதற்கான வலு மிச்சம் இருக்க வேண்டும். அதனால் விரலால் அரை செ.மீ மட்டும் மெதுவாக அமுக்குங்கள். பள்ளம் மெதுவாக மேலே வந்து, லேசான தடம் மட்டும் மிஞ்சினால் அதுதான் நேரம். டின்னில் மாவின் நடுமேடு விளிம்புக்கு மேலே 2 செ.மீ நிற்கும். சூடான அறையில் இதற்கு 35 முதல் 40 நிமிடம், 18 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஓவன் சூடாக 20 நிமிடமாவது ஆகும் என்பதால், வெயில் நாளில் மாவு விளிம்பைத் தொடும் முன்பே ஓவனைப் போட்டுவிடுங்கள்.

210 டிகிரியில் 35 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் வெப்பமானி 95 காட்டினால் வெந்துவிட்டது. வெட்டுவதற்கு முன் கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

கடந்துபோன மாவும், வெட்டிய துண்டும்

டின்னில் அளவு மீறி உப்பியதை ஓவனில் வைக்கும் முன் கண்டுகொண்டால் காப்பாற்றலாம். வெளியே எடுத்துக் காற்றைத் தட்டி, மறுபடி சுருட்டி டின்னில் வையுங்கள். இந்த முறை சீக்கிரமே ஏறும், பாதி நேரத்திலேயே பார்க்கத் தொடங்குங்கள். சாராய வாடை பலமாகி, இழுத்தால் ஈரச் சேறு போல அறுந்தால் குளூட்டன் தளர்ந்துவிட்டது. அதை உயரமான ரொட்டியாக்க முடியாது, தட்டில் பரப்பித் தட்டை ரொட்டியாகச் சுட்டுவிடலாம்.

ஆறியதும் நடுவே வெட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மேல்தோல் பிளந்து, அடியில் நெருக்கமாகவும் மேலே மட்டும் பொந்துகளாகவும் இருந்தால் இரண்டாம் உப்பல் போதவில்லை, அடுத்த முறை 10, 15 நிமிடம் கூட்டுங்கள். மேல்பக்கம் தட்டையாகவோ குழிந்தோ, நிறம் வெளிறி, துண்டு உதிர்கிற மாதிரி இருந்தால் உப்பல் மிஞ்சிவிட்டது. அதற்கு நேரத்தைக் குறைப்பதோடு, ஈஸ்டிலும் ஒரு கிராம் குறைத்து, தண்ணீரை 5 டிகிரி குளிர்ச்சியாக எடுங்கள். எந்த நாளில் அறை எத்தனை டிகிரி, மாவு எத்தனை டிகிரி, டேப்பைத் தொட எத்தனை நிமிடம் ஆனது என்ற மூன்றையும் மட்டும் மைதா டப்பாவின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நான்கைந்து ரொட்டிக்குப் பிறகு உங்கள் சமையலறைக்கு எவ்வளவு ஈஸ்ட், எவ்வளவு குளிர்ந்த தண்ணீர் என்பது அந்தச் சீட்டிலேயே இருக்கும்.